கடைசிச் சொல் காதில் விழாத இடத்தில் பேசுவது: கால்பந்து அரங்க அறிவிப்புத் தாளை எழுதும் முறை

"4ஆம் வாயில் வழியாக வெளியேற வேண்டாம்."

தாளில் படிக்கும்போது இந்த வாக்கியத்தில் ஒரு குறையும் தெரியாது. இதையே 30,000 பேர் நிறைந்த கால்பந்து அரங்கில் மைக்கில் சொல்லும்போது, பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அரங்கமே ஒரு கணம் அலறும். "வேண்டாம்" என்ற சொல் அந்த அலறலில் அமுங்கிவிடும். மேல் காலரியில் இருப்பவர் கேட்டது "4ஆம் வாயில் வழியாக வெளியேற" என்பது வரைதான். அவர் எழுந்து நேராக 4ஆம் வாயிலுக்குப் போவார்.

தமிழில் வினை கடைசியில் வருகிறது, மறுப்பு அதற்கும் பின்னால் வருகிறது. அரங்க ஒலிபெருக்கியிலோ முதலில் தொலைவது வாக்கியத்தின் கடைசிப் பகுதிதான். பேசத் தொடங்கும்போது அமைதியாக இருந்த கூட்டம், பேசி முடிப்பதற்குள் வேறொன்றைப் பார்த்துக் கத்தத் தொடங்கியிருக்கும். ஆகவே அரங்க அறிவிப்பாளருக்கான தாளை எழுதும்போது கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி இது: இந்த வாக்கியத்தின் கடைசிச் சொல் கேட்காமல் போனாலும் பொருள் நிற்குமா?

வானொலி, தொலைக்காட்சி வர்ணனையாளரோடு இவரைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வர்ணனையாளர் ஆட்டத்தைப் பார்க்காதவருக்குப் பேசுகிறார். அரங்க அறிவிப்பாளர் பேசுவது ஆட்டத்தைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருப்பவருக்கு. அவருக்கு வர்ணனை தேவையில்லை. அவரால் தானாக உறுதிசெய்துகொள்ள முடியாத தகவல்கள்தான் தேவை: யார் ஆடுகிறார், யார் மாறினார், கோல் யார் பெயரில் பதிவானது, எந்த வழியாக வெளியேறுவது. அதனால் ஒரு ஆட்டம் முழுவதிலும் அறிவிப்பாளர் பேசும் நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்களே தேறும். அந்தச் சில நிமிடங்களில் ஒரு சொல்லும் ஊகமாக இருக்கக் கூடாது.

ஒலி எப்படிப் போகிறது

ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. மைதானத்தின் நீளம் ஏறக்குறைய 105 மீட்டர். எதிர்முனையில் உள்ள ஸ்பீக்கரிலிருந்து வரும் குரல் இந்த முனைக்கு வர 0.3 நொடி ஆகும். இது குறைவாகத் தோன்றலாம். ஆனால் இயல்பாகப் பேசும்போது அந்த நேரத்தில் ஓர் அசையையாவது முழுதாகச் சொல்லி முடித்திருப்போம். பக்கத்து ஸ்பீக்கர் சொல்லும் அசையின்மேல் தொலைவிலிருக்கும் ஸ்பீக்கர் சொன்ன முந்தைய அசை வந்து ஏறும். கூரையிலும் எதிர் ஸ்டாண்டிலும் மோதித் திரும்பும் எதிரொலி வேறு சில நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு மருந்து சத்தத்தைக் கூட்டுவதல்ல. கூட்டினால் எதிரொலியும் சேர்ந்தே கூடும். சொற்றொடர்களுக்கு நடுவே இடைவெளி விடுவதுதான் வழி. ஒரு மூச்சில் நான்கைந்து சொற்களுக்கு மேல் வைக்காமல், ஒவ்வொரு மூச்சுக்குப் பின்னும் ஏறக்குறைய ஒரு நொடி நிற்க வேண்டும். தாளில் அந்த இடத்தில் சாய்கோடு போட்டு வைத்துக்கொள்வது நல்லது. பதற்றத்தில் முதலில் மறப்பது இந்த இடைவெளியைத்தான். மைக் வாயிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கட்டும். நேர் எதிரே வைத்தால் "ப", "ட" போன்ற எழுத்துகள் வெடித்து அடுத்த எழுத்தை விழுங்கிவிடும்.

புதியவர்களைத் தடுமாற வைக்கும் இன்னொன்றும் உண்டு. தன் குரலே அரை நொடி தாமதமாகத் தன் காதுக்குத் திரும்பி வரும்போது நாக்கு தானாக இழுபடும், சொற்கள் நீளும், சிலருக்குத் திக்கவும் செய்யும். இது பயத்தால் வருவதல்ல, தாமதமான தன் குரலைக் கேட்கும் எவருக்கும் நேர்வது. காதை மூடும் ஹெட்போனில் மைக்கின் நேரடி ஒலியைக் கேட்டபடி பேசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அந்த வசதி இல்லாவிட்டால் அரங்கத்தைக் கேட்காமல் தாளை மட்டும் பார்த்துப் படிக்கப் பழக வேண்டும்.

அணிப் பட்டியல்

தொடக்கப் பதினொருவரும் மாற்று ஆட்டக்காரர்களும் அடங்கிய அதிகாரப்பூர்வப் பட்டியல், ஐரோப்பியக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் போட்டிகளில் ஆட்டம் தொடங்க 75 நிமிடம் இருக்கும்போதே கொடுக்கப்பட வேண்டும். மற்றப் போட்டிகளில் நேரம் சற்று முன்பின் இருக்கும். அறிவிப்பாளருக்கு வேலை அந்தத் தாள் கைக்கு வந்ததும் தொடங்குகிறது. செய்தித்தாளில் வந்த உத்தேச அணியையோ அணியின் சமூக ஊடகப் பக்கத்தையோ பார்த்து எழுதக் கூடாது. நடுவரிடம் போன தாளின் நகல்தான் ஆதாரம்.

முதல் வேலை பெயர்களைச் சரியாகச் சொல்லக் கற்பது. விருந்தினர் அணியின் மேலாளரையோ ஊடகப் பொறுப்பாளரையோ தேடிப் போய், ஒவ்வொரு பெயரையும் அவரைச் சொல்லச் சொல்லி, காதில் விழுந்தபடியே தமிழில் எழுதிக்கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்தைப் பார்த்து ஊகிப்பதில்தான் பிழை பிறக்கிறது. க, ச, ட, த, ப ஆகிய எழுத்துகள் தமிழில் இரண்டு விதமாக ஒலிக்கும் என்பதால், எழுதியதைப் பிறகு நாமே தவறாகப் படித்துவிட வாய்ப்புண்டு. அழுத்தி ஒலிக்க வேண்டிய எழுத்தின் கீழே கோடு போட்டுக்கொண்டால் போதும். பத்து நிமிட வேலைதான் இது. தன் பெயர் சிதைந்து ஒலிப்பதைக் கேட்டபடி ஒருவர் களத்துக்குள் நுழையாமல் இருக்க இந்தப் பத்து நிமிடத்தைக் கட்டாயம் செலவிட வேண்டும்.

அடுத்தது எண்கள். இதில் தமிழுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. "பதினேழு", "பதினெட்டு" இரண்டையும் எதிரொலிக்கும் இடத்தில் சொல்லிப் பாருங்கள். முன்பாதி ஒன்றேதான், பின்பாதியோ கேட்காமல் போகும் பாதி. "இருபத்தேழு", "இருபத்தெட்டு" ஆகியவற்றுக்கும் இதே கதி. இதைத் தவிர்க்க இலக்கங்களைப் பிரித்துச் சொல்லலாம்: "எண் ஒன்று ஏழு". எண்ணுக்குப் பின் பெயர் வருவதால் ஒன்று தவறினாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் ஒரே அணியில் 17ஆம் எண்ணும் 18ஆம் எண்ணும் இருந்தால் தொடக்கத்திலிருந்தே எல்லா எண்களையும் பிரித்துச் சொல்லும் முறையை எடுத்துக்கொள்வது நல்லது. பாதி ஆட்டத்தில் முறையை மாற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

வழக்கமாக விருந்தினர் அணியை முதலில் படிப்பார்கள், சீரான குரலில், ஒரு பெயருக்கு மூன்று நான்கு நொடி என்ற கணக்கில். பதினொருவருக்கு முக்கால் நிமிடம் ஆகும். பிறகு மாற்று ஆட்டக்காரர்கள், பயிற்சியாளர். அதன்பின் சொந்த அணி. அறிவிப்பாளர் எண்ணையும் முதற்பெயரையும் சொல்ல, குடும்பப் பெயரைக் கூட்டம் முழங்கும் வழக்கம் ஜெர்மனியில் பரவலாக உண்டு. அப்படிச் செய்வதானால் கூட்டம் முழங்கி முடிய இரண்டரை நொடியாவது விட வேண்டும், அடுத்த எண்ணை முழக்கத்தின் மேல் ஏற்றக் கூடாது. திரையில் வீரர்களின் படங்கள் ஓடினால் அந்த வரிசையும் தாளில் உள்ள வரிசையும் ஒன்றாக இருக்கிறதா என்று திரையை இயக்குபவரோடு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். திரையில் கோல்கீப்பர் முகம் இருக்கும்போது மைக்கில் தடுப்பாட்டக்காரர் பெயர் வந்தால் அந்தப் பட்டியல் முழுவதும் வீண்.

பயிற்சி ஓட்டத்தின்போது ஒருவர் காயப்பட்டு விலகுவது அடிக்கடி நடக்கும். ஆட்டம் தொடங்குமுன் அவருக்குப் பதில் பட்டியலில் உள்ள மாற்று ஆட்டக்காரர் வந்தால் அது மாற்றமாக எண்ணப்படாது, அணியின் மாற்று வாய்ப்புகளும் குறையாது. அறிவிப்பில் "மாற்றம்" என்ற சொல்லைத் தவிர்த்து இப்படிச் சொல்லலாம்:

"அணிப் பட்டியலில் திருத்தம். / நீல அணி. / தொடக்கப் பதினொருவரில் / எண் ஒன்று நான்கு, கபிலன்."

விலகியவரின் காயத்தைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அது அணி மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தி. (இங்கு வரும் அணிகளும் பெயர்களும் மாதிரிக்கு மட்டும்.)

பாதுகாப்பு அறிவிப்பு

தாள்களில் இதற்கு மட்டும் வேறு நிறம் வைப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கத்துக்கு ஒரே அறிவிப்பு, பெரிய எழுத்து, ஒரு பக்க அச்சு, ஸ்டேப்ளர் இல்லாத தனித்தனித் தாள்கள். அவசரத்தில் பக்கம் புரட்டும் ஒலி மைக்கில் கேட்பதும், இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு தவறான அறிவிப்பைப் படித்துவிடுவதும் நடக்கக்கூடியவை.

இதில் எல்லாவற்றுக்கும் முந்திய விதி, அவசர அறிவிப்பை அறிவிப்பாளர் தானாகச் செய்யக் கூடாது என்பது. புகை தெரிகிறது, மூலையில் தள்ளுமுள்ளு தெரிகிறது என்றாலும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட்டு அவருடைய உத்தரவுக்காகக் காத்திருக்க வேண்டும். அறிவிப்பாளருக்குத் தெரிவது ஒரு மூலை மட்டும். எந்த வாயிலில் ஏற்கெனவே நெரிசல், ஆம்புலன்ஸ் எந்த வழியாக வருகிறது என்பதெல்லாம் அந்த அறைக்குத்தான் தெரியும். நல்லெண்ணத்தோடு "வடக்குப் பக்கம் இருப்பவர்கள் வெளியேறுங்கள்" என்று சொல்லி, பூட்டிய வாயிலை நோக்கிக் கூட்டத்தை அனுப்பிவிட முடியும்.

அறிவிப்பை எழுதும் வரிசை: கவன ஒலி, யாருக்கு, என்ன செய்ய வேண்டும், தேவையென்றால் ஒரே சொல்லில் காரணம், பிறகு முழுவதும் மீண்டும் ஒருமுறை. "யாருக்கு" என்பதை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. தன் பகுதியின் பெயர் கேட்டவர்தான் மீதியைக் காது கொடுத்துக் கேட்பார். மற்றவர்கள் நமக்கில்லை என்று இருந்த இடத்திலேயே இருப்பார்கள்.

தொடக்கத்தில் பார்த்த வாக்கியத்தை இப்போது திருத்தலாம். முதல் முயற்சியாகப் பலரும் எழுதுவது இது: "வடக்கு ஸ்டாண்ட் ரசிகர்கள் 4ஆம் வாயில் அருகே கூட்டம் அதிகமாக இருப்பதால் அவ்வழியாகச் செல்லாமல் 5ஆம் வாயிலைப் பயன்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." இதில் "4ஆம் வாயில்" முதலில் வருகிறது. அதுவே மனதில் பதியும். செய்ய வேண்டியதோ இறுதிக்கு முன்னால் புதைந்து கிடக்கிறது. கடைசிச் சொல்லான "கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" ஒன்பது அசை நீளம், அதில் ஒரு தகவலும் இல்லை. திருத்தியது:

"வடக்கு ஸ்டாண்ட். / வடக்கு ஸ்டாண்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். / உங்கள் வழி, 5ஆம் வாயில். / மெதுவாக நடந்து, 5ஆம் வாயிலுக்குச் செல்லுங்கள். / 5ஆம் வாயில்."

4 என்ற எண்ணே இதில் இல்லை. போகக் கூடாத இடத்தைச் சொல்லாமல் போக வேண்டிய இடத்தை மட்டும் சொல்கிறோம். "ஓடாதீர்கள்" என்பதற்குப் பதில் "நடந்து", "பதற்றப்பட வேண்டாம்" என்பதற்குப் பதில் ஒன்றுமே இல்லை. பதற்றம் என்ற சொல் காதில் விழுந்தாலே எதற்குப் பதற்றம் என்று சுற்றிப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் வாக்கியம் அறுந்தாலும் கேட்டவருக்கு 5 என்ற எண் மட்டுமே கிடைக்கும்.

எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது என்பதில் இரண்டு ஆட்டங்களைப் பார்க்கலாம். 2015 நவம்பர் 13 அன்று பாரிஸ் அருகே ஸ்டாட் டி பிரான்ஸ் அரங்கில் பிரான்ஸும் ஜெர்மனியும் ஆடிக்கொண்டிருந்தபோது வெளியே குண்டுகள் வெடித்தன. ஓசை உள்ளே கேட்டது. ஆட்டம் நிறுத்தப்படவில்லை. வெளியே நடந்ததன் காரணமாக எந்த வாயில்கள் வழியாகச் செல்ல வேண்டும் என்பது ஆட்டம் முடிந்த பிறகே அறிவிக்கப்பட்டது. பலர் களத்துக்குள் இறங்கிக் காத்திருந்தார்கள். ஆபத்து வெளியே இருக்கும்போது ஆயிரக்கணக்கானவர்களை ஒரே நேரத்தில் வெளியே அனுப்பாமல் இருப்பதுதான் பாதுகாப்பு என்ற முடிவு அது.

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் டென்மார்க், பின்லாந்து ஆட்டத்தின் முதல் பாதியில் கிறிஸ்டியன் எரிக்சன் மயங்கி விழுந்தபோது நிலைமை வேறு. எல்லாரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். மருத்துவ அவசரத்தால் ஆட்டம் இடைநிறுத்தப்பட்டதாக முதலில் அறிவிக்கப்பட்டது. அவருடைய உடல்நிலை சீரானது உறுதியான பிறகே அந்தச் செய்தி சொல்லப்பட்டது. இடைப்பட்ட நேரத்துக்கான வாக்கியம் தாளில் முன்கூட்டியே இருக்க வேண்டும். தெரிந்தது ஒன்றே என்றால் அதை மட்டும் சொல்ல வேண்டும்:

"ஆட்டம் நிறுத்தப்பட்டுள்ளது. / மருத்துவக் காரணம். / உங்கள் இருக்கைகளிலேயே இருங்கள். / அடுத்த தகவல், உறுதியானதும் இங்கிருந்தே வரும்."

இனவெறி முழக்கம் எழுந்தால் பின்பற்ற வேண்டிய மூன்று படிகளை யூஇஎஃப்ஏ 2009 முதல் வைத்திருக்கிறது. முதல் படியில் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி அறிவிப்புச் செய்யச் சொல்வார். தொடர்ந்தால் அணிகளை ஓய்வறைக்கு அனுப்பிவிட்டு இரண்டாவது அறிவிப்பு. அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டம் கைவிடப்படும். மூன்றுக்குமான வாசகங்களும் தனித்தனித் தாளில் இருக்க வேண்டும், எந்த முழக்கம் எழுந்தது என்பதை மைக்கில் திரும்பச் சொல்லக் கூடாது. நடுவர் நிறுத்தச் சொன்னது எந்தப் படி என்பதை நான்காவது நடுவரிடம் உறுதிசெய்துகொண்டு படிக்க வேண்டும். இரண்டாம் படியின் தாளை முதலில் படித்துவிட்டால் அடுத்துச் சொல்ல ஒன்றும் இருக்காது.

மாற்று ஆட்டக்காரர்

இதில் அவசரமே எதிரி. பயிற்சி உடையைக் கழற்றிவிட்டு ஒருவர் எல்லைக்கோட்டருகே வந்து நின்றதும் பெயரைச் சொல்லிவிடத் தோன்றும். ஆனால் பயிற்சியாளர் கடைசி நொடியில் மனம் மாறலாம், களத்தில் வேறொருவர் காயப்பட்டு விழலாம். விதிப்படி, வெளியேறுபவர் களத்தை விட்டுப் போன பின் நடுவர் சைகை காட்ட, உள்ளே வருபவர் நடுக்கோட்டருகே களத்தில் கால் வைக்கும்போதுதான் மாற்றம் முழுமையாகிறது. நான்காவது நடுவர் பலகையைத் தூக்கியதும் தயாராகி, உள்ளே வருபவர் காலடி வைத்ததும் பேசினால் தவறே நேராது.

தமிழில் இயல்பாக வரும் வாக்கியம் "மாறனுக்குப் பதிலாகச் செழியன்". "பதிலாக" என்பது காதில் விழாவிட்டால் இரண்டு பெயர்கள்தான் மிஞ்சும், யார் போனார் யார் வந்தார் தெரியாது. எனவே திசையை முன்னால் வையுங்கள்:

"நீல அணி, மாற்றம். / வெளியே, எண் ஒன்பது, மாறன். / உள்ளே, எண் ஒன்று ஏழு, செழியன்."

வினைச்சொல்லே இல்லாத வாக்கியம் இது. பள்ளி இலக்கணத்துக்குக் குறைபட்டதாகத் தெரியலாம், அரங்கத்துக்கு இதுதான் சரி. பெரும்பாலான பெரிய போட்டிகளில் ஓர் அணி ஐந்து மாற்றங்கள் வரை செய்யலாம். ஆட்டத்தின் நடுவே மூன்று வாய்ப்புகளுக்குள் அவற்றை முடிக்க வேண்டும், இடைவேளையில் செய்பவை இந்த மூன்றில் சேராது. அதனால் இரண்டு மூன்று பேர் ஒன்றாக மாறுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அப்போது ஜோடி ஜோடியாகச் சொல்லாமல் வெளியேறும் மூவரையும் ஒருசேரச் சொல்லி, பிறகு உள்ளே வரும் மூவரையும் சொல்வது எளிது. அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டால் வாக்கியத்தை அந்த இடத்தில் நிறுத்தி, பந்து அடுத்து வெளியே போகும்போது உள்ளே வந்தவர்களை மட்டும் சொல்லுங்கள். பந்து ஓடும்போது பேசலாம் என்ற சலுகை பாதுகாப்பு அறிவிப்புக்கு மட்டுமே.

கோல்

பந்து வலைக்குள் போனதும் அறிவிப்பாளர் செய்ய வேண்டியது மைக்கை அணைத்து வைத்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. நேரத்தை எழுதிக்கொண்டு, அதன்பின் துணை நடுவரைப் பார்க்க வேண்டும். அவர் கொடி உயர்த்தாமல் நடுக்கோட்டை நோக்கி ஓடினால், நடுவரும் நடுவட்டத்தை நோக்கிக் கைகாட்டினால், களத்தில் கோல் தரப்பட்டிருக்கிறது. எப்படியும் அந்தப் பத்துப் பன்னிரண்டு நொடிகளுக்கு மைக்கில் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. கூட்டத்தின் முதல் ஆரவாரம் தணியத் தொடங்கும் இடம்தான் பேச ஏற்ற இடம்.

நிமிடக் கணக்கில் புதியவர்கள் ஒன்று குறைத்துச் சொல்லிவிடுவார்கள். கடிகாரம் 22:40 காட்டினால் முழுதாக முடிந்தது 22 நிமிடம், ஓடிக்கொண்டிருப்பது 23ஆவது நிமிடம். கோல் 23ஆவது நிமிடத்தில். அதேபோல் முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் 46:10க்கு விழுந்தது 45+2. இரண்டாம் பாதி 45:00இல் தொடங்குவதால் அங்கே 46:10 என்பது 47ஆவது நிமிடம். ஒரே கடிகார எண்ணுக்கு இரண்டு விதமான அறிவிப்பு வருவது இங்கேதான்.

யார் அடித்தது என்பதைக் குறைந்தது இரண்டு இடங்களில் உறுதிசெய்ய வேண்டும்: உங்கள் கண், பக்கத்தில் இருக்கும் உதவியாளரின் கண் அல்லது திரையில் வரும் மறுகாட்சி. தலைக்குத் தலை மோதும் கார்னரில் இது கடினம். கொண்டாடுபவர்தான் அடித்தவர் என்று முடிவு செய்யாதீர்கள். பெயர் உறுதியாகத் தெரியவில்லை என்றால் ஆட்ட நிலையையும் நிமிடத்தையும் சொல்லிவிட்டு, தெரிந்ததும் பெயரைச் சொல்லலாம். கோல் நோக்கிப் போன பந்து தடுப்பாட்டக்காரர் மேல் பட்டுத் திசை மாறினால் பெரும்பாலும் அடித்தவர் கணக்கிலேயே சேரும். வலைக்குப் போகாத பந்தைத் தடுப்பவரே உள்ளே தள்ளிவிட்டால் அது சொந்த கோல். சொந்த கோல் போட்டவரின் பெயரை மைக்கில் சொல்லாமல் விடுவதே நல்லது. அணி, நிமிடம், ஆட்ட நிலை போதும்.

வீடியோ உதவி நடுவர் இருக்கும் ஆட்டங்களில் ஒவ்வொரு கோலும் தானாகவே சரிபார்க்கப்படும். நடுவர் காதைத் தொட்டபடி கையை நீட்டி ஆட்டத்தைத் தொடங்க விடாமல் நின்றால் சரிபார்ப்பு இன்னும் முடியவில்லை என்று பொருள். அப்போது அடித்தவர் பெயரை முழங்கிவிட்டால், பிறகு கோல் ரத்தாகும்போது கூட்டத்தின் கோபம் நடுவர் மேல் திரும்பும், அதைத் தூண்டியவர் அறிவிப்பாளராக இருப்பார். முழு உறுதி எப்போது? நடுவட்டத்தில் பந்து மீண்டும் உருளும்போது. அதன்பின் அந்த கோலைத் திரும்பப் பெற வழியில்லை. அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாவிட்டால், அணிகள் நடுக்கோட்டின் இருபுறமும் நின்று நடுவர் விசிலை வாயருகே கொண்டுபோகும் நேரம் போதுமானது. சில போட்டிகளில் நடுவரே தன் மைக்கில் முடிவைச் சொல்கிறார். அவர் பேசும்போது அறிவிப்பாளரின் மைக் மூடியிருக்க வேண்டும். அவர் சொன்ன காரணத்தோடு எதையும் சேர்க்கவும் கூடாது.

சொந்த அணியின் கோலுக்கு உற்சாகம் காட்டலாமா என்பது போட்டியைப் பொறுத்தது. உள்ளூர் லீக் ஆட்டங்களில் பெயரை இழுத்து முழங்குவது வழக்கம். யூஇஎஃப்ஏ நடத்தும் போட்டிகளில் ஒலிபெருக்கியைச் சொந்த அணிக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி உண்டு. விருந்தினர் அணியின் கோலை எங்கும் ஒரே தொனியில், ஆனால் முழுத் தகவலோடு சொல்ல வேண்டும். முணுமுணுத்து விழுங்குவது அந்த வீரருக்கும், அவரைப் பார்க்கத் தொலைவிலிருந்து வந்தவர்களுக்கும் இழைக்கும் அநீதி.

எல்லாம் ஒன்றாக வரும் நேரம்

தனித்தனியாக இவை எளிது. ஆட்டத்தின் கடைசி ஐந்து நிமிடத்தில் எல்லாம் ஒன்றாகக் குவியும். ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். ஆட்டம் 1-1. கடிகாரம் 87:52 காட்டும்போது நீல அணியின் செழியன் பந்தை வலைக்குள் அடிக்கிறார். நடுவர் காதைத் தொட்டு நிற்கிறார். அதே நேரத்தில் சிவப்பு அணி ஒரு மாற்றத்துக்குத் தயாராகிறது. கட்டுப்பாட்டு அறையிலிருந்து செய்தி: கிழக்கு ஸ்டாண்டில் 2ஆம் வாயிலின் கதவு பழுது, ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் 3ஆம் வாயிலுக்குப் போக வேண்டும்.

அறிவிப்பாளர் முதலில் எழுதுவது: 88, நீலம், எண் 17. பேசுவது ஒன்றுமில்லை. வாயில் செய்திதான் மிக முக்கியமானது, ஆனால் அது இந்த நொடியில் தேவைப்படாதது, ஆரவாரத்தில் கேட்கவும் செய்யாது. எனவே அதிகாரியிடம் "ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது சொல்லட்டுமா" என்று கேட்டு ஒப்புதல் வாங்குகிறார். நெரிசல் இப்போதே இருந்திருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை, கோல் காத்திருக்க வேண்டியதுதான்.

கடிகாரம் 89:20. சரிபார்ப்பு முடிந்து நடுவர் நடுவட்டத்தைக் காட்டுகிறார். சிவப்பு அணியின் மாற்று ஆட்டக்காரர் களத்துக்குள் வருகிறார். இரண்டும் சொல்லப்பட வேண்டும், கிடைப்பது பதினைந்து நொடி. கோல் முதலில், மாற்றம் பிறகு:

"நீல அணி, கோல். / 88ஆவது நிமிடம். / எண் ஒன்று ஏழு, செழியன். / நீலம் 2, சிவப்பு 1."

"சிவப்பு அணி, மாற்றம். / வெளியே, எண் ஆறு, வளவன். / உள்ளே, எண் இரண்டு பூஜ்யம், ஆதவன்."

90:00ஐ ஒட்டி நான்காவது நடுவர் பலகையில் 6 என்று காட்டுகிறார். இங்கே ஒரு சொல்லை விடவே கூடாது: "கூடுதல் நேரம், குறைந்தது 6 நிமிடம்." நடுவர் காட்டிய நேரத்தை அவரால் நீட்டிக்க முடியும், குறைக்க முடியாது. "குறைந்தது" இல்லாமல் சொன்னால் 96:05 ஆனதும் விசில் எங்கே என்று கூட்டம் கத்தத் தொடங்கும், அந்தக் கத்தலுக்குக் காரணம் நடுவர் அல்ல.

94:10இல் பந்து எல்லைக்கோட்டுக்கு வெளியே போகிறது. கவன ஒலி, பிறகு:

"கிழக்கு ஸ்டாண்ட். / கிழக்கு ஸ்டாண்டில் இருப்பவர்கள் கவனிக்கவும். / ஆட்டம் முடிந்ததும், உங்கள் வழி 3ஆம் வாயில். / 3ஆம் வாயில்."

பன்னிரண்டு நொடி. அதற்குள் பந்தை எறிந்து ஆட்டம் தொடங்கிவிட்டாலும் இதை முடித்தாக வேண்டும். இறுதி விசிலுக்குப் பின் இதையே மீண்டும் ஒருமுறை, அதன்பின் ஆட்ட முடிவு. வழக்கமாக முடிவுதான் முதலில் வரும். இன்று வரிசை மாறுகிறது, ஏனென்றால் முடிவு ஏற்கெனவே எல்லாருக்கும் தெரியும். எழுந்து நடக்கத் தொடங்குபவருக்குத் தெரியாதது 3ஆம் வாயில் மட்டும்தான்.